பாட்டு முழுதும் வேண்டாம், உறுதியான இரண்டு சொல் போதும்

"இப்படி ஒரு பழைய பாட்டு, நடுவில ஒரு வரி மட்டும்தான் ஞாபகம், யாருக்காவது தெரியுமா?" எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. அரை மணித்தியாலத்துக்குள் பத்துப் பதில் வந்துவிடும். மார்க்கப் பாட்டுப் போல இருந்தால் "நாகூர் ஹனீபா பாடினது" என்று ஏழெட்டுப் பேர் எழுதுவார்கள். துள்ளல் மெட்டாக இருந்தால் "மனோகரன்ட பாட்டு" என்பார்கள். யாரும் தேடிப் பார்ப்பதில்லை. பிறகு அதே பெயர் பாடசாலை நிகழ்ச்சி நிரலிலும் அச்சாகி, அடுத்த வருடம் அந்த நிகழ்ச்சி நிரலே ஆதாரமாகிவிடுகிறது. இசை முரசு ஹனீபாவுக்கும் பொப் இசைச் சக்கரவர்த்தி ஏ.ஈ. மனோகரனுக்கும் அவர்கள் பாடாத பாட்டால் ஒரு பெருமையும் கூடப்போவதில்லை. உண்மையில் எழுதியவர், பாடியவர் பெயர்தான் காணாமல் போகிறது. குழுமத்தில் கேட்பது இரண்டாவது வேலையாக இருக்க வேண்டும், முதலாவது வேலை ஒழுங்காகத் தேடுவது என்பது எங்கள் கருத்து.

"தேடினோம், வரவில்லை" என்கிறவர்களிடம் என்ன தட்டச்சு செய்தீர்கள் என்று கேட்டால், ஞாபகத்தில் இருந்த வரியை அப்படியே கூகுளில் போட்டிருப்பார்கள். மேற்கோள் குறி இல்லாமல் ஏழு சொல் போட்டால் தேடுபொறி அந்த ஏழையும் அந்த ஒழுங்கில் தேடுவதில்லை. ஒன்றிரண்டை விட்டுவிடும், ஒன்றுக்குப் பதிலாக அதுபோன்ற வேறொன்றை எடுத்துக்கொள்ளும், அதிகம் பேர் பார்க்கிற பக்கத்தை மேலே தூக்கிப் போடும். நிலாவும் கண்ணும் காதலும் உள்ள வரி என்றால் கேட்கவே வேண்டாம், நாட்டிலுள்ள சினிமாப் பாட்டெல்லாம் வந்து நிற்கும்.

மேற்கோள் குறி தெரிந்தவர்கள் மறுபக்கம் போய் முழு வரியையும் " " இரண்டுக்குள்ளும் அடைத்துவிடுகிறார்கள். மேற்கோளுக்குள் போட்டால் அதே சொற்கள், அதே ஒழுங்கு, அதே எழுத்து உள்ள பக்கங்களைத்தான் அது தேடும். ஏழு சொல்லில் ஒன்று பிழைத்தாலும் எல்லாம் போச்சு. இங்கே பலர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. மேற்கோளுக்கு ஒன்றும் அகப்படாவிட்டால் கூகுள் வெறும் பக்கத்தைக் காட்டுவதில்லை. `No results found` என்று மேலே சிறிய எழுத்தில் சொல்லிவிட்டு, `without quotes` என்று கீழே வேறு முடிவுகளை அடுக்கும். அந்தச் சிறிய எழுத்தை வாசிக்காதவர் முதலாவதாக நிற்கும் பாட்டைத் தன் பாட்டு என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். குழுமத்தில் வரும் "கூகுள்ல பார்த்தன்" என்ற பதில்களில் கணிசமானவை இந்த வகைதான்.

தமிழில் இது இன்னும் இக்கட்டானது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 1992இல் வந்த ரோஜா படத்தில் மின்மினி பாடிய 'சின்னச் சின்ன ஆசை'. இலக்கணம் பார்த்து எழுதுகிறவர் முதல் சொல்லில் 'ச்' போடுவார். அவசரத்தில் எழுதுகிறவர் போடமாட்டார். நீங்கள் ஒரு விதமாக மேற்கோளுக்குள் போட்டால் மற்ற விதமாக எழுதிய பக்கங்கள் தவறிப்போகலாம். ஆனால் இரண்டாவது 'சின்ன'வைப் பாருங்கள். அதற்கு அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குவதால் அங்கே ஒற்று மிக வழியில்லை. ஆகவே எல்லோரும் ஒரே மாதிரித்தான் எழுதுவார்கள். மேற்கோளுக்குள் போட வேண்டிய துண்டு அதுதான்.

```
"சின்ன ஆசை" ரோஜா
```

சாதாரணதரத்தில் நாங்கள் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிற அந்த வல்லினம் மிகும், மிகா இடங்களுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. (பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.) க, ச, த, ப இல் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் உள்ள சொல்லையும், ர-ற, ல-ள-ழ, ன-ண சந்தேகம் உள்ள சொல்லையும் மேற்கோளுக்குள் இருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.

எடுத்த இடத்தில் என்ன போடுவது? அதற்குத்தான் நட்சத்திரக் குறி. கூகுளில் மேற்கோளுக்குள் * போட்டால் "இந்த இடத்தில் ஏதோ சொல் இருக்கிறது, எதுவென்று எனக்குத் தெரியாது" என்று பொருள். அது ஒரு சொல்லாகவும் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். எல்லாத் தேடுபொறியும் இதை மதிப்பதில்லை, கூகுளிலும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்காக வேலை செய்வதில்லை. இருந்தாலும் பாதி மறந்த பாட்டுக்கு இதைவிடத் தோதான கருவி வேறில்லை.

ஆனால் நட்சத்திரம் முழுச் சொல்லின் இடத்தைத்தான் பிடிக்கும், சொல்லின் பாதியைப் பிடிக்காது. தமிழில் எங்கள் ஞாபகம் பிசகுவது பெரும்பாலும் சொல்லின் வாலில்தான். கடல் என்பது நினைவிருக்கும், அது கடலிலேயா, கடலினிலேயா, கடல்மேலேயா என்பது நினைவிருக்காது. அதற்காக `கடலி*` என்று எழுதினால் பயனில்லை. வால் சந்தேகம் என்றால் அந்தச் சொல்லையே முழுதாகத் தூக்கிவிட்டு அங்கே நட்சத்திரத்தை வைக்க வேண்டும். மனம் வராதுதான். அந்த ஒரு சொல்தானே நன்றாக ஞாபகம் இருந்தது என்று தோன்றும். அப்படியானால் அதை மேற்கோளுக்கு வெளியே தனியாகப் போடுங்கள்.

இனி எங்கள் பாடசாலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். கலை நிகழ்ச்சிக்கு ஒரு மாணவி தன் மூத்தம்மா பாடுகிற நாலு வரியைக் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டு வந்தாள். தோணியேறிப் போகிற மச்சானைப் பற்றியது. வீட்டில் ஒருவர் சினிமாப் பாட்டு என்றாராம், இன்னொருவர் மனோகரன் என்றாராம். பாடியவர் பெயரை நிரலில் போட வேண்டும். முதலில் நாங்கள் கூகுளைத் திறக்கவில்லை. "போய் மூத்தம்மாவை இன்னும் இரண்டு தடவை பாடச் சொல்லிப் பதிந்து வாங்க மகள்" என்று அனுப்பினோம். மூன்று பதிவையும் வைத்துக் கேட்டபோது வித்தியாசம் தெரிந்தது. இரண்டு தடவை காலை என்றவர் ஒரு தடவை மாலை என்றார். கடலிலே ஒரு தடவை கடல்மேலே ஆகியிருந்தது. மூன்றிலும் மாறாமல் நின்றவை தோணி, ஏறி, அதற்கு இரண்டு சொல் தள்ளி மச்சான். அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

```
"தோணி ஏறி * * மச்சான்"
```

ஒன்றும் வரவில்லை. `without quotes` என்று கீழே வந்ததை வாசிக்கவே இல்லை. அடுத்ததாகச் சொல்லைச் சேர்த்து எழுதிப் பார்த்தோம். தமிழில் பிரித்தெழுதுவதும் சேர்த்தெழுதுவதும் எழுதுகிறவர் இஷ்டம், தேடுபொறிக்கோ இரண்டும் வேறு வேறு.

```
"தோணியேறி * * மச்சான்"
```

இதற்கு ஒரு பக்கம் வந்தது. ஒருவர் தன் கிழக்கிலங்கைக் கிராமத்தைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்பு. அதில் வயல் வேலை, கடற்கரை எல்லாம் சொல்லிவிட்டு, பெண்கள் பாடும் கவி என்று நாலு வரி போட்டிருந்தார். மூத்தம்மாவின் முதல் இரண்டு வரியும் அங்கே இருந்தன, காலை இருந்த இடத்தில் மாலையாக. கடைசி இரண்டு வரியும் வேறு. அதைப் பார்த்ததும் விடயம் தெளிவாகிவிட்டது. இது சினிமாவும் இல்லை, பொப்பும் இல்லை. எங்கள் பக்கத்து முஸ்லிம் பெண்கள் தலைமுறையாகப் பாடிவருகிற நாட்டார் கவி. கவிக்கு ஒரு நிலையான எழுத்து வடிவம் கிடையாது. வாய்க்கு வாய் சொல் மாறும், அதனால் முழு வரியை மேற்கோளுக்குள் போட்டு அதைப் பிடிக்கவே முடியாது. மாறாத எலும்பை வைத்து, மாறுகிற சதைக்கு நட்சத்திரத்தை வைத்தால்தான் அகப்படும்.

அந்தப் பக்கத்தை நம்புவதற்கு முன் நாங்கள் பார்த்தது ஒன்றுதான். நாங்கள் தேடலில் போடாத, ஆனால் மூத்தம்மா பாடிய ஒரு சொல் அங்கே இருக்கிறதா என்பது. இருந்தது. தேடிய சொற்கள் மட்டும் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். தேடாத சொல்லும் பொருந்தினால் அது அதே பாட்டுத்தான்.

ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பாட்டை எழுதி வைத்திருக்கும் பக்கங்களும் ஏராளம். அங்கே இன்னும் சிக்கல். தோழி என்பதை thozhi, tholi, thoali என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஆகவே அங்கே nila, kadal போல எழுத்துக் குழப்பம் குறைந்த சொற்களைத் தெரிவுசெய்யுங்கள். பெயர்ச்சொல்லாக இருந்து தவிர்க்க முடியாவிட்டால் எல்லா வடிவத்தையும் `OR` போட்டு ஒரே தடவையில் கேட்கலாம். `OR` பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

```
"சுராங்கனி" OR "சுராங்கணி" OR "surangani"
```

இந்தத் தேடலில் இன்னொன்றையும் காண்பீர்கள். மனோகரன் பாடிப் புகழ்பெற்ற அந்தப் பாட்டைப் பின்னர் பல மொழிகளில் பலர் பாடியிருக்கிறார்கள். பிந்திய ஒன்று மேலே வந்து நின்றால் அதுவே மூலம் என்று ஆகிவிடாது. வேண்டாத படத்தின் பெயரைக் கழித்தல் குறியோடு ஒட்டி, இடைவெளி விடாமல் போட்டால் அது விலகும்.

இத்தனையும் செய்து வராவிட்டால்? பிரித்தும் சேர்த்தும், தமிழிலும் ஆங்கில எழுத்திலும், மூன்று நான்கு சோடிச் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பாட்டுகள் மட்டும் வருகின்றன என்றால், அந்தப் பாட்டை இணையத்தில் யாரும் தேடக்கூடிய எழுத்தில் தட்டச்சு செய்யவில்லை என்றே கொள்ளலாம். இணையத்தில் இல்லாததற்கும் உலகில் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. நூலகம் தளத்தில் எங்கள் நாட்டுப் பழைய நூல்கள் எவ்வளவோ படமாகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. படமாக உள்ள பக்கத்துக்குள் நட்சத்திரமும் மேற்கோளும் நுழைவதில்லை, நூலின் பெயரால் எடுத்து உட்கார்ந்து வாசிக்கத்தான் வேண்டும். பாமினி எழுத்துருவில் ஏற்றிய பழைய பக்கங்களும் அப்படித்தான். அங்கே கண்ணுக்குத் தமிழ் என்று தெரிவது உள்ளே `jkpo;` என்றுதான் கிடக்கிறது. இந்த நிலைக்கு வந்த பிறகு குழுமத்தில் கேளுங்கள், அப்போது "எங்கெல்லாம் தேடினேன்" என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த மாணவியின் கவியை நிரலில் 'கிழக்கிலங்கை முஸ்லிம் நாட்டார் கவி, பாடித் தந்தவர் மாணவியின் மூத்தம்மா' என்று போட்டோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் கீழே எழுதுங்கள். எழுதும்போது குரல் பதிவோடு நிறுத்தாமல் தட்டச்சும் செய்யுங்கள், தோணி ஏறி என்றும் தோணியேறி என்றும் இரண்டு விதமாகவும். வேறு யாரோ பாதி வரியோடு தேடி வரும்போது இரண்டில் ஒன்றாவது அகப்படும்.