எப்படி எழுதினாலும் சரிதானாம்!

"மெஷினுக்குப் புரியுதில்ல, அப்புறம் என்ன?" ஐபிவி6 முகவரியை இஷ்டத்துக்கு எழுதி வைக்கிறவங்க சொல்ற பதில் இது. மெஷினுக்குப் புரியும் சாமி, தேடுற மனுசனுக்கு?

ஒரு முகவரியை முழுசா எழுதிப் பார்ப்போம்.

```
2001:0db8:0000:0000:00a0:0000:0000:0001
```

மொத்தம் எட்டு கட்டம். கட்டத்துக்கு முன்னால வர்ற பூஜ்யங்களை விட்டுடலாம். பின்னால வர்றதை விடக்கூடாது. 00a0-ங்கிறது a0, அதாவது 160. அதை வெறும் a-ன்னு எழுதினா 10 ஆயிடும். 050 ரூபாயை 50-ன்னு எழுதலாம், 5-ன்னு எழுதினா கடைக்காரர் விடுவாரா?

அடுத்தது, தொடர்ந்து வர்ற பூஜ்யக் கட்டங்களை :: போட்டு மறைக்கலாம். ஆனா ஒரு தடவைதான். சில பேர் ஆசைப்பட்டு ரெண்டு இடத்துலயும் போட்டு 2001:db8::a0::1 ன்னு எழுதுறாங்க. இதுல கண்ணுக்குத் தெரியிறது நாலு கட்டம், மறைஞ்சிருக்கிறது நாலு. அந்த நாலுல இடது பக்கம் ஒண்ணா, ரெண்டா, மூணா? யாராலயும் சொல்ல முடியாது. அதனால இது முகவரியே இல்ல.

சரி, ஒரு தடவைதான் போடணும்னா எந்த இடத்துல? வில்லங்கமே இங்கதான். 2006-ல வந்த ஆர்.எஃப்.சி 4291 எந்த இடத்துல போட்டாலும் ஒத்துக்குது. நம்மாளு எக்ஸெல்ல 2001:db8:0:0:a0::1 ன்னு எழுதி வச்சிருப்பார். லாக்ல 2001:db8::a0:0:0:1 ன்னு இருக்கும். ரெண்டும் ஒரே முகவரிதான். ஆனா தேடினா சிக்காது. "அந்த மெஷின்ல இருந்து ட்ராஃபிக்கே வரலை"ன்னு மெயில் வேற போயிரும் :(

இந்தக் கூத்துக்குத்தான் 2010-லயே ஆர்.எஃப்.சி 5952 வந்தாச்சு. நீளமான பூஜ்ய வரிசையைத்தான் சுருக்கணும். ரெண்டு வரிசை சமமா இருந்தா முதல்ல வர்றதைச் சுருக்கணும். ஒத்தைப் பூஜ்யக் கட்டத்துக்கு :: கிடையாது. எழுத்தெல்லாம் சின்ன எழுத்து. அவ்ளோதான். கையால எழுத சோம்பலா இருந்தா பைத்தான் கிட்ட குடுங்க:

```
>>> import ipaddress
>>> str(ipaddress.ip_address("2001:0DB8:0:0:A0::1"))
'2001:db8::a0:0:0:1'
```

சுருக்கினதைத் திரும்ப விரிக்கவும் பெரிய வித்தை வேணாம். தெரியிற கட்டங்களை எண்ணி எட்டுல இருந்து கழிங்க. மேல இருக்கிறதுல ஆறு தெரியுது, அப்ப :: இருக்கிற இடத்துல ரெண்டு கட்டம்.

"சின்ன எழுத்துல b எழுதினா 6 மாதிரி இருக்கே"ன்னு ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். கையெழுத்துல நியாயமான புகார்தான். அதுக்காக பெரிய B-க்குப் போனா அது 8 மாதிரி இருக்கும், D பூஜ்யம் மாதிரி இருக்கும். b-யோட கொம்பை நேரா, நீளமா இழுங்க, 6-ஐ வளைச்சுப் போடுங்க. ரேக்குல ஒட்டுற லேபிளை மட்டும் தயவுசெஞ்சு பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கப்பா!

போர்ட் நம்பரைக் கடைசியில அப்படியே ஒட்ட வைக்கிற கோஷ்டியும் ஒண்ணு இருக்கு. 2001:db8::1:80-ல அந்த 80 போர்ட் இல்ல, முகவரியோட கடைசிக் கட்டம். போர்ட் வேணும்னா [2001:db8::1]:80 ன்னு சதுர அடைப்பு போட்டு எழுதுங்க.