ஊமைக் கல்யாணம்

வெதுருகுப்பத்தில் சித்தி வீட்டு டி.வி.யில் பென் டிரைவைச் செருகினோம். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புகிறது; சத்தம் மட்டும் இல்லை. "இதென்னடா ஊமைக் கல்யாணம்?" என்றார் சித்தி. முழங்கால் வலியால் பேத்தி கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர்.

டி.வி. பழுதில்லை. எம்பி4 என்பது வெறும் பெட்டி. அதற்குள் படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் பதிவாகியிருக்கும். பெட்டியைத் திறக்கத் தெரிந்த டி.வி.க்கு உள்ளிருக்கும் இரண்டும் புரிய வேண்டும் என்பதில்லை. கம்ப்யூட்டரில் வி.எல்.சி.யில் ஓடவிட்டு Ctrl+J அழுத்தினேன். படம் H.264, ஒலி PCM. கேமராவிலிருந்து நேராக வரும் சில பதிவுகளில் ஒலி இப்படிச் சுருக்கப்படாமலே இருக்கும். பல டி.வி.கள் எம்பி4-க்குள் எதிர்பார்ப்பது AAC ஒலியை. கோப்பின் பெயரை மாற்றி ஏமாற்ற முடியாது (நானும் முயன்றேன்). ஒலியை மட்டும் மாற்றினால் போதும்:

```
ffmpeg -i kalyanam.mp4 -c:v copy -c:a aac -b:a 192k tv.mp4
```

copy என்பதால் படத்தை அது தொடுவதில்லை. தரம் குறையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். கோளாறு படத்தில் இருந்தால்தான் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

புதுக் கோப்பு 5 ஜிபி. என்னிடமிருந்த FAT32 பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. இரண்டாக வெட்டிக் கொடுத்தேன். கெட்டிமேளம் முதல் பாதியிலேயே வந்துவிட்டது. சித்தி இரண்டாவதைப் போடச் சொல்லவில்லை. முதலாவதையே மறுபடி போடச் சொன்னார்.