பிரிவு 4 இணையத்திலும் சிதையாமல் இருக்க: சட்ட உரைகளை ஏற்றுவோருக்கு ஒரு பொது வேண்டுகோள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005ஐ மக்களிடம் கொண்டுசெல்லும் அமைப்புகளும், குடியிருப்போர் நலச் சங்கங்களும், நூலகங்களும், அச்சட்டத்தின் பிடிஎஃப் கோப்பை இணையதளத்தில் ஏற்றிவைப்பதோடு நின்றுவிடாமல், அதை எளிய எச்டிஎம்எல் பக்கமாகவும் மாற்றித் தர வேண்டும் என்றும், அம்மாற்றத்தில் தலைப்புகளும் பட்டியல்களும் தம் பொருளை இழந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், இவ்வேண்டுகோளை வெளியிடும் தன்னார்வலர் குழு கேட்டுக்கொள்கிறது. கைப்பேசியின் சிறு திரையில் சட்டத்தைப் படிப்பவருக்கும், திரையில் உள்ளதைக் குரலாக்கும் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் படிக்கும் பார்வையற்றவருக்கும், மனுவில் மேற்கோள் காட்ட ஒரே ஒரு கூறைத் தேடுபவருக்கும் பிடிஎஃப் கோப்பு மட்டும் போதுவதில்லை.

பிடிஎஃப் என்பது அடிப்படையில் எந்த எழுத்து தாளின் எந்த இடத்தில் எந்த அளவில் அமைய வேண்டும் என்பதைக் குறித்துவைக்கும் வடிவம். ஆகவே தலைப்பு என்பது அங்கே சற்றுத் தடித்த எழுத்து மட்டுமே, பட்டியல் என்பது சற்று உள்ளே தள்ளித் தொடங்கும் வரி மட்டுமே. இதற்கு விலக்காக, தலைப்பு, பத்தி, பட்டியல் என்ற அடையாளங்களைக் கோப்பினுள்ளேயே சுமந்துவரும் வகை ஒன்று உண்டு. கையிலிருக்கும் கோப்பு அவ்வகையா என்பதை, பாப்ளர் என்னும் கட்டற்ற கருவித்தொகுப்பில் உள்ள `pdfinfo` கட்டளையின் விடையில் `Tagged` என்னும் வரி `yes` என்கிறதா `no` என்கிறதா என்று பார்த்து அறியலாம். `no` என்று வந்தால், கட்டமைப்பை மனிதர் ஒருவர் படித்துப் புரிந்துதான் மீட்டெடுக்க வேண்டும். மூலக்கோப்பு வேர்டு வடிவில் கிடைக்குமானால் அதிலிருந்து தொடங்குவதே மேல்.

இச்சட்டத்தில் 6 இயல்களும் 31 பிரிவுகளும் 2 அட்டவணைகளும் உள்ளன. சட்டத்தின் பெயர் `<h1>`, இயலின் பெயர் `<h2>`, பிரிவின் தலைப்பு `<h3>` என்று படிநிலையை வகுத்துக்கொண்டால் தலைப்புகளின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் அரசிதழ் அச்சில் பிரிவின் தலைப்பு உரைக்கு மேலே தனி வரியாக நிற்பதில்லை. ஓரக்குறிப்பாகச் சிறு எழுத்தில் பக்கவாட்டில் நிற்கிறது. `pdftotext -layout` போன்ற கட்டளையால் உரையைப் பிரித்தெடுக்கும்போது அந்த ஓரக்குறிப்பு துண்டு துண்டாகி உரையின் வரிகளோடு ஒட்டிக்கொள்கிறது. அதே கட்டளையின் `-x`, `-y`, `-W`, `-H` என்னும் தெரிவுகளால் உரைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, ஓரக்குறிப்பைத் தனியே படித்து `<h3>` ஆகச் சேர்ப்பது பாதுகாப்பான வழி. வேறு பதிப்புகளில் பிரிவுத் தலைப்பு முதல் வாக்கியத்தோடு ஒரே வரியில் தடித்த எழுத்தில் ஓடுவதால், மாற்றும் கருவி அதைத் தலைப்பாக இனங்காண்பதில்லை. அதை வரியிலிருந்து பிரித்தெடுக்காமல் தடித்த எழுத்தாகவே விட்டுவிட்டால், கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிவது திரைபடிப்பானுக்கு வெறும் உரையாகவே இருக்கும்.

பட்டியல்களில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பிரிவு 4 அதற்குத் தெளிவான சான்று. அதன் முதல் உட்பிரிவு ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் செய்ய வேண்டியவற்றை (a) முதல் (d) வரையிலான நான்கு கூறுகளாக அடுக்குகிறது. அவற்றுள் (b), சட்டம் இயற்றப்பட்ட 120 நாட்களுக்குள் அவ்வமைப்பு தானாகவே வெளியிட வேண்டியவற்றை (i) முதல் (xvii) வரை 17 உட்கூறுகளாக விரிக்கிறது. பதினேழாவது உட்கூறு, விதிகளால் குறிக்கப்படக்கூடிய பிற தகவல்கள் என்பதாகும். அது முடிந்தபின், அதனினும் வெளியே தள்ளித் தொடங்கும் வரியில், அதன் பிறகு இவ்வெளியீடுகளை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்னும் கடமை வருகிறது. இக்கடமை 17 உட்கூறுகளுக்கும் பொதுவானது. உள்தள்ளலைக் கவனிக்காத மாற்றும் கருவி இவ்வரியைப் பதினேழாவது உட்கூறின் வாலாக ஒட்டிவிடும்போது, புதுப்பிக்க வேண்டியது அந்தப் பிற தகவல்களை மட்டுமே என்று படிக்க இடம் உண்டாகிறது. ஓர் அலுவலகத்தின் அதிகாரிகள் பட்டியல் பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் கிடப்பதைக் கேள்வி கேட்க விரும்பும் குடிமகனுக்கு ஆதாரமாக நிற்பது இந்த ஒரு வரிதான். எனவே அது, உள்பட்டியல் மூடப்பட்ட பின்னும் (b) மூடப்படுவதற்கு முன்னும் அமைய வேண்டும்:

```html
<h3 id="s4">4. பொது அதிகார அமைப்புகளின் கடமைகள்</h3>
<ol>
  <li>…
    <ol type="a">
      <li id="s4-1-a">…</li>
      <li id="s4-1-b">…
        <ol type="i">
          <li id="s4-1-b-i">…</li>
          <!-- xvii வரை -->
        </ol>
        <p>அதன் பிறகு ஆண்டுதோறும்…</p>
      </li>
    </ol>
  </li>
</ol>
```

இங்கே `<ol>` என்பது வரிசை எண் முக்கியமான பட்டியலையும், `<li>` அதன் ஒவ்வோர் உறுப்பையும், `type` எண்ணின் வகையையும் குறிக்கின்றன. `id` என்பது அந்தக் கூறுக்கே நேரடியாக இணைப்புக் கொடுக்க உதவும் முகவரி. உலாவி தானே இடும் வரிசைக்குறிகள் பக்கத்தினுள் தேடும்போது அகப்படுவதில்லை என்பதால், ஒவ்வொரு கூறுக்கும் `id` இடுவது சட்ட உரையில் இன்றியமையாதது என்று குழு கருதுகிறது.

(i) என்னும் குறியைப் பார்த்த மாத்திரத்தில் ரோமன் எண் என்று முடிவு செய்துவிடக் கூடாது. பிரிவு 4(1)(b)யில் அது ரோமன் ஒன்று. விலக்குகளைக் கூறும் பிரிவு 8(1)இலோ (h)க்கும் (j)க்கும் இடையில் வரும் ஆங்கில எழுத்து. முந்தைய குறி எது என்பதைப் பார்த்தே பட்டியலின் ஆழத்தைத் தீர்மானிக்க வேண்டும். அவ்வாறே, பக்கம் மாறுமிடத்தில் அரசிதழின் மேற்தலைப்பும் பக்க எண்ணும் ஓர் உட்கூறின் நடுவே நுழைந்து பட்டியலை இரண்டாக முறிப்பதும், முறிந்த இரண்டாம் பாதி மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணப்படுவதும் அடிக்கடி நிகழ்கின்றன. அப்போது `start` கொண்டு எண்ணை ஒட்டுப்போடுவதைவிட, இடையே நுழைந்த வரியை நீக்கிப் பட்டியலை ஒன்றாக்குவதே சரியான தீர்வு.

தமிழ் மொழிபெயர்ப்புகளுக்குத் தனியான இடர்ப்பாடு ஒன்று உண்டு. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டும்போது பொருளற்ற ரோமன் எழுத்துகள் வருமானால், அது ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் அச்சுக்கோத்தது என்று பொருள். `pdffonts` கட்டளை காட்டும் எழுத்துருப் பெயரைக் கொண்டு அதற்குரிய குறியாக்க மாற்றியைத் தேர்ந்து, முதலில் உரையை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். தமிழாகவே வந்தாலும், எ, ஏ, ஐ ஆகியவற்றின் குறிகள் மெய்யெழுத்துக்கு முன்னால் அச்சிடப்படுவதால், அவை அதே வரிசையில் பதிவாகிச் சொற்கள் சிதைந்திருக்கக்கூடும். இவற்றைச் சரிசெய்த பிறகு பக்கத்தின் தொடக்கத்தில் `<html lang="ta">` என்று குறித்தால்தான் திரைபடிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க வழி கிடைக்கும். எழுத்துகளே இல்லாத, வருடியெடுத்த படமாக மட்டும் உள்ள கோப்பில், எழுத்துணரி மென்பொருள் தரும் உரையை ஒவ்வொரு வரியாக மூலத்தோடு ஒப்பிடாமல் வெளியிடலாகாது.

பக்கம் அணியமானதும், என்விடிஏ என்னும் இலவசத் திரைபடிப்பானில் `H` விசையை அழுத்திக்கொண்டே சென்றால் 31 பிரிவுத் தலைப்புகளும் வரிசை தவறாமல் ஒலிக்க வேண்டும். 4(1)(b)யின் உள்பட்டியலில் நுழையும்போது 17 உறுப்புகள் உள்ளதாக அது அறிவிக்க வேண்டும். 16 என்றோ 18 என்றோ வந்தால், எங்கோ ஓர் உட்கூறு மற்றொன்றோடு ஒட்டியிருக்கிறது அல்லது இரண்டாகப் பிளந்திருக்கிறது.

31 பிரிவுகளையும் ஒரே மூச்சில் மாற்ற இயலாதவர்கள் பிரிவு 4ஐ மட்டுமாவது முதலில் மாற்றி வெளியிடுமாறு குழு வேண்டுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 13, 16, 27 ஆகிய பிரிவுகளை மாற்றியதையும், 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(1)(j)ஐத் திருத்துவதையும் கருத்தில் கொண்டு, எந்த நாள் வரையிலான திருத்தங்கள் உரையில் சேர்க்கப்பட்டுள்ளன என்பதைத் தலைப்புக்குக் கீழேயே எழுதி, ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்காக மூல பிடிஎஃப் கோப்பின் இணைப்பையும் அதனருகில் வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.