சகோதரிகளை நுழைத்தது யார்?

'மூலத்தில் இல்லாத சகோதரிகளைத் திருமுகத்தில் நுழைக்கலாமா?' எனக் கேட்கும் அன்பர்கள் பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தைத் திறக்கட்டும். முதல் வசனத்தில் பவுல் 'அதெல்ஃபோய்' என விளிக்கிறார். அடுத்த வசனத்திலேயே எவோதியா, சிந்திக்கே என்னும் இரு பெண்களுக்கு அறிவுரை கூறுகிறார். ஆணும் பெண்ணும் கலந்த குழுவைக் கிரேக்கம் ஆண்பால் பன்மையாலேயே குறிக்கும். தமிழில் 'உறவினர்' என்றால் இருபாலரும் அடங்குவர்; 'சகோதரர்' என்றாலோ, அருகில் 'சகோதரி' என்ற சொல் நிற்பதால், ஆண்களே செவியில் விழுகின்றனர். சொல்லுக்குச் சொல் என்று பிடிவாதம் செய்வோரே எவோதியாவைச் சபையிலிருந்து வெளியேற்றுகின்றனர். 'சகோதர சகோதரிகளே' என்பது சேர்க்கையன்று. அதுவே மூலத்தின் பொருள். மத்தேயு 4:18இல் அதே சொல் சீமோனையும் அந்திரேயாவையும் குறிக்கிறது. அங்கே சகோதரிகளைச் சேர்க்க எவரும் கேட்கவில்லையே!