‘கிராஸ் இன்கம்’ என்ற ஒரே சொல்: பிரெஞ்சு வரி அறிவிப்பை ஆங்கிலமாக்கும்போது லண்டன் விசா எங்கே சிக்குகிறது?

பாரீஸிலிருந்து லண்டனுக்கு யூரோஸ்டாரில் இரண்டேகால் மணி நேரம்தான். லா ஷப்பல், லா கூர்னவ் பக்கம் இருக்கும் தமிழர்கள் பலருக்கு அங்கே அண்ணனோ, அக்காவோ, மாமாவோ இருப்பார்கள். கல்யாணம், சாமத்தியம், செத்தவீடு என்று போக வேண்டியும் வரும். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இதில் பெரிய சிரமம் இல்லை. 2025 ஏப்ரல் முதல் அவர்கள் இணையத்தில் ஒரு முன் அனுமதி வாங்கினால் போதும். ஆனால், இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டோடு பிரான்ஸில் வதிவிட அட்டை வைத்திருப்பவர்களுக்கு அது போதாது. அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் பிரிட்டனின் விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும்.

அந்த விண்ணப்பத்தில் வருமானத்துக்குச் சான்றாகப் பெரும்பாலானோர் இணைப்பது ‘அவி தெம்போ’. அதாவது, பிரெஞ்சு வரித்துறை ஆண்டுதோறும் அனுப்பும் வருமான வரி அறிவிப்பு. அரசே தருகிற தாள் என்பதால் அதைவிட வலுவான ஆதாரம் இல்லை என்று நினைக்கிறோம். ஆனால், அதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஒரு சொல் பிசகினாலும், உண்மையான வருமானமே பொய்க்கணக்கு போலத் தெரிய வாய்ப்பு இருக்கிறது.

எப்படிப்பட்ட மொழிபெயர்ப்பைக் கேட்கிறார்கள்?

ஆங்கிலத்திலோ வேல்ஸ் மொழியிலோ இல்லாத எந்த ஆவணத்துக்கும் முழு மொழிபெயர்ப்பு வேண்டும் என்பது பிரிட்டன் குடிவரவு விதி. இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்று மொழிபெயர்ப்பாளர் எழுதித் தர வேண்டும். அவரது முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம், மொழிபெயர்த்த தேதி ஆகியவையும் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் உள்துறை அமைச்சகம் அவரைத் தொடர்புகொண்டு சரிபார்க்க முடியணும், அதுதான் நோக்கம். பிரெஞ்சு நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இந்த விதியில் இல்லை.

இதில் ‘முழு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். காசு மிச்சம் பிடிக்க முதல் பக்கத்தை மட்டும் மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. கணவர் எவ்வளவு, மனைவி எவ்வளவு என்ற பிரிப்பு உள்பக்கத்தில்தான் இருக்கிறது. அது இல்லாமல் போனால் அறிவிப்பின் பாதிப் பயனே போய்விடும்.

ஒரே சம்பளம், நான்கு எண்கள்

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கணவர் உணவகத்தில் முழுநேர வேலை. மனைவி பகுதிநேர வேலை. இரண்டு பிள்ளைகள். லண்டனுக்குப் போகப்போவது கணவர் மட்டும்.

கணவரின் சம்பளச் சீட்டில் மேலே இருக்கும் ‘ப்ருட்’ தொகை மாதம் 2,500 யூரோ. சமூகப் பாதுகாப்புப் பிடித்தங்கள் போக வங்கிக்கு வருவது சுமார் 1,950. ஆனால், வரித்துறை இந்த இரண்டையுமே எடுப்பதில்லை. பிடித்தங்களில் ஒரு சிறு பகுதி வரிக்கழிவுக்குத் தகுதி இல்லாதது என்பதால், அதைத் திரும்பக் கூட்டிக்கொள்கிறது. அப்படி வருவதுதான் ‘நெட் எம்போசாப்ல்’, அதாவது வரிக்குரிய நிகரச் சம்பளம். இவருக்கு அது மாதம் 2,025 என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 24,300 யூரோ. வரி அறிவிப்பில் கணவரின் பத்தியில் ‘சம்பளம்’ என்று அச்சாவது இதுதான்.

அதோடு முடியவில்லை. போக்குவரத்து, சாப்பாடு போன்ற வேலைச் செலவுக்காக வரித்துறை 10 சதவீதத்தைத் தானாகவே கழிக்கிறது. 2,430 யூரோ போனால் மிச்சம் 21,870. மனைவிக்கு ஆண்டுக்கு 12,000, அதில் 10 சதவீதம் போனால் 10,800. இரண்டையும் கூட்டினால் 32,670. இந்த வரிக்கு அறிவிப்பில் இருக்கும் பெயர் ‘ரெவெனு ப்ருட் குளோபால்’.

சிக்கல் இங்கேதான். ‘ப்ருட்’ என்றால் அகராதியில் ‘கிராஸ்’. ஆகவே ‘கிராஸ் டோட்டல் இன்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதைப் படிப்பவருக்கு ‘கிராஸ்’ என்றால் எந்தப் பிடித்தமும் இல்லாத முழுச் சம்பளம். இந்தத் தொகையோ சமூகப் பிடித்தமும் போய், 10 சதவீதமும் போய், இரண்டு பேர் வருமானமும் சேர்ந்த ஒன்று. சம்பளச் சீட்டிலும் ‘ப்ருட்’, இங்கேயும் ‘ப்ருட்’. ஆனால், இரண்டும் ஒன்றல்ல.

இப்போது விசா அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வரி போக மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று படிவம் கேட்கிறது. கணவர் 1,950 என்று நேர்மையாக எழுதியிருக்கிறார். சம்பளச் சீட்டின் ‘கிராஸ்’ ஆண்டுக்கு 30,000. வரி அறிவிப்பின் ‘கிராஸ்’ 32,670. அப்படியானால் மீதி 2,670 யூரோ எங்கிருந்து வந்தது? சொல்லாமல் விட்ட இன்னொரு வருமானமா? கேள்வி எழத்தான் செய்யும். ஆனால், அந்தக் கேள்வியை அவர் உங்களிடம் கேட்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

முதல் பக்கத்துத் தொகை யாருடையது?

அறிவிப்பின் முதல் பக்கத்தில் கண்ணில் படுவது ‘ரெவெனு ஃபிஸ்கால் து ரெஃபெரான்ஸ்’. பிரான்ஸில் சமூக வீடு, பள்ளிச் சாப்பாட்டுக் கட்டணம், உதவித்தொகை என்று பலதுக்கும் கேட்கிற எண் இது. வேறு வருமானமோ கழிவோ இல்லாத நம் எடுத்துக்காட்டில் இதுவும் 32,670தான்.

இது ஒருவரின் வருமானம் அல்ல, குடும்பத்தினுடையது. பிரான்ஸில் திருமணமானவர்கள் பொதுவாகச் சேர்ந்தே வரிக்கணக்குக் கொடுக்கிறார்கள். அறிவிப்பில் இருவர் பெயரும் இருக்கும். இதை ‘ஆண்டு வருமானம்’ என்று மொழிபெயர்த்தால், அது முழுக்கக் கணவருடையது என்று ஆகிவிடும். படிவத்திலும் இதே எண்ணை 12-ஆல் வகுத்து 2,722 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் அவ்வளவு வராதே! அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

வரி 0 என்றால் வருமானம் இல்லையா?

நம் குடும்பத்தின் அறிவிப்பில் கடைசியில் வரி 0 என்று வரும். காரணம், பிரெஞ்சு வரியில் ‘பார்’ என்ற குடும்பப் பங்கு முறை இருக்கிறது. கணவன், மனைவிக்கு 2 பங்கு, முதல் இரண்டு பிள்ளைகளுக்குத் தலா அரைப் பங்கு. ஆக மொத்தம் 3. வருமானம் 32,670-ஐ 3-ஆல் வகுத்தால் 10,890. 2024 வருமானத்துக்கு ஒரு பங்குக்கு 11,497 யூரோ வரை வரி விகிதம் பூஜ்யம். அதனால் வரி இல்லை.

இது தெரியாத ஒருவர், ‘வரி 0’ என்பதைப் பார்த்தால் இந்தக் குடும்பம் சரியாகச் சம்பாதிக்கவில்லை என்று எண்ண இடமுண்டு. ‘பார்’ என்பதை ‘ஷேர்ஸ்’ என்று மட்டும் எழுதினால் பங்குச்சந்தை முதலீடு என்றும் படிக்கலாம். இன்னொரு சின்ன விஷயம்: பிரெஞ்சில் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி. அறிவிப்பில் ‘3,00’ என்று இருப்பது மூன்று, முந்நூறு அல்ல. ஆயிரத்துக்குக் காற்புள்ளி போடாமல் இடைவெளி விடுவார்கள். ஆங்கிலத்தில் இவற்றை மாற்றி எழுத வேண்டும். யூரோவைப் பவுண்டாக மட்டும் மாற்றக் கூடாது. மூலத்தில் இல்லாத எண்ணை மொழிபெயர்ப்பில் நுழைப்பது ஆகிவிடும்.

அப்படியென்றால் எப்படித்தான் எழுதுவது?

முக்கியமான வரிகளில் பிரெஞ்சுப் பெயரை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் ஆங்கிலப் பொருள் தருவது பாதுகாப்பான வழி. அடியில் ‘மொழிபெயர்ப்பாளர் குறிப்பு’ என்று தலைப்பிட்டு இரண்டே வரி போதும். இந்தத் தொகை சமூகப் பிடித்தமும் 10 சதவீதக் கழிவும் போனபின் வருவது என்று ஒன்று. பங்கு என்பது குடும்ப அளவைக் குறிப்பது என்று இன்னொன்று. குறிப்பு மொழிபெயர்ப்போடு கலக்காமல் தனியாகத் தெரிய வேண்டும்.

எண்களைப் பொருத்திக் காட்டுவது மொழிபெயர்ப்பாளரின் வேலை அல்ல, உங்களுடையது. விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். மாதம் வங்கிக்கு வருவது 1,950. சம்பளச் சீட்டில் 2,500. வரி அறிவிப்பில் என் பத்தியில் ஆண்டுக்கு 24,300. முதல் பக்கத்தில் உள்ள 32,670 என் மனைவியின் வருமானமும் சேர்ந்தது. இரண்டு பிள்ளைகள் இருப்பதால் வரி 0. அவ்வளவுதான். படிவத்தில் போடுவது வங்கிக் கணக்கில் தெரிகிற தொகையாகவே இருக்கட்டும்.

அறிவிப்பில் உள்ள வரி எண், அறிவிப்பின் குறிப்பு எண் இரண்டையும் மொழிபெயர்ப்பில் ஒரு இலக்கம் பிசகாமல் எழுதச் சொல்லுங்கள். பிரெஞ்சு வரித்துறையின் impots.gouv.fr/verifavis பக்கத்தில் இந்த இரண்டையும் போட்டால், அறிவிப்பு உண்மையா என்று யாரும் பார்க்கலாம். அதனாலேயே அந்தத் தாளைத் தெரியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது நல்லதல்ல. யாராவது ‘தொகையைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம்’ என்று சொன்னால் விலகிவிடுங்கள். ஏமாற்று என்று முடிவானால் பிரிட்டன் 10 ஆண்டு வரை விசா மறுக்கலாம்.

இந்தத் தாளால் முடியாதது

கோடைக்குப் பின் கையில் இருக்கும் அறிவிப்பு போன ஆண்டு வருமானத்தைப் பற்றியது. அடுத்த வசந்தத்தில் விண்ணப்பித்தால், அது அதற்கும் முந்தைய ஆண்டின் கதை. இன்றைக்கு வேலை இருக்கிறதா, லீவு கொடுத்தார்களா என்பதை அது சொல்லாது. ஆகவே அண்மைச் சம்பளச் சீட்டுகள், வங்கி அறிக்கை, வேலையிடக் கடிதம் மூன்றும் கூடவே போக வேண்டும். அவையும் பிரெஞ்சில் இருந்தால், அவற்றுக்கும் இதே மொழிபெயர்ப்பு விதிதான்.

விசிட்டர் விசா மறுக்கப்பட்டால் பொதுவாக மேல்முறையீடு கிடையாது. திரும்பக் கட்டணம் கட்டி, முந்தைய மறுப்பையும் சொல்லி, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும். அதனால் மொழிபெயர்ப்பு கைக்கு வந்ததும், கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், ‘கிராஸ்’ என்ற சொல் எந்தத் தொகைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.