மோனையும் ஏலக்காயும்

போடிநாயக்கனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்கு நம்மை நடுவராக அழைத்திருந்தார்கள். நடுவர் வேலை என்பது ஒருவருக்குப் பரிசு கொடுத்துப் பத்துப் பேருடைய பெற்றோரின் பகையைச் சம்பாதிக்கும் வேலை என்று நமக்குத் தெரியாததல்ல. ஆயினும் மதுரையிலிருந்து போடிக்கு மறுபடியும் ரயிலில் போகலாம் என்ற ஆசை நம்மை இழுத்துச் சென்றது. 1928-ல் போடப்பட்ட அந்தப் பழைய பாதையில் 2010-ம் வருஷக் கடைசியில் வண்டி நின்றது; அகலப் பாதையாக்கி 2023 ஜூன் மாதத்தில்தான் போடிவரை திரும்ப ஓடத் தொடங்கிற்று.

போட்டியின் விதி எளிது. மாணவர்கள் தாமே எழுதிய கவிதையைத் தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். எட்டு அடிக்குக் குறையக்கூடாது. மோனை இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைச் சேர்த்தவர் அப்பள்ளியின் தமிழாசிரியை. முதல் நாள் மாலையில் அவர் ஒரு பெண்ணை நம்மிடம் அழைத்து வந்தார். பதின்மூன்று வயதிருக்கும். கையில் இருந்த தாளை நம்மிடம் நீட்டினாள். முதல் இரண்டு அடி இவ்வாறு இருந்தது:

மலையின் மடியில் மல்லிகை மலரும்
மான்கள் மகிழும் மஞ்சள் மாலை

"நான்கு சீரிலும் மோனை வந்திருக்கிறது ஐயா!" என்றாள்.

வந்துதான் இருந்தது. ஓர் அடியின் நான்கு சீரும் ஒரே முதலெழுத்தில் தொடங்கினால் அதற்கு முற்று மோனை என்று பெயர். யாப்பருங்கலக்காரிகையைச் செய்த அமிதசாகரர் இதைக் கேட்டிருந்தால் தவறு என்று சொல்லியிருக்க முடியாது. நாமும் சொல்லவில்லை. "சரி, எழுந்து நின்று சொல்லு அம்மா" என்றோம். சொன்னாள். நான்காம் அடிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நாக்குப் பிறழாமல் சொல்லிப் பழகுவதற்காகக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் விளையாட்டு வாக்கியம் போல அது ஒலித்தது. ஒவ்வொரு சீரும் மணியடித்தால் எந்த மணிக்கும் மதிப்பில்லை அல்லவா?

பிறகு ஒரு கேள்வி கேட்டோம்: "இந்த மலையில் மல்லிகை எங்கே பார்த்தாய்?"

அவள் பேசவில்லை. தமிழாசிரியைதான் பதில் சொன்னார். அப்பெண்ணின் தாயார் ஏலத் தோட்டத்தில் கூலிக்குக் காய் எடுப்பவர். விடியுமுன் ஜீப்பில் புறப்பட்டு, போடிமெட்டு வரையுள்ள 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, மலைக்கு அப்பால் கேரள எல்லைக்குள் இருக்கும் தோட்டத்துக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறவர். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மல்லிகையும் மானும் எங்கிருந்து வந்தன? 'ம' என்ற எழுத்திலிருந்து வந்தன! மோனைக்குச் சொல் தேடியபோது, சொல் கிடைத்தது. மலை தொலைந்து போயிற்று.

"அம்மா செய்யும் வேலையை எழுதேன்" என்றோம். "அதில் மோனை வராது ஐயா" என்றாள். வருமா, வராதா என்று பார்ப்பதிலேயே அன்று மாலை கழிந்தது. அந்த விவரத்தை நேயர்களுக்குச் சொல்லுகிறோம். வீட்டில் இத்தகைய போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் இருந்தால் பயன்படக்கூடும்.

முதலாவது, மோனை எங்கே விழ வேண்டும் என்பது. நாற்சீர் அடியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு சீர் முடிந்ததும் குரல் தானே சற்று நிற்கிறது. மூன்றாம் சீரில் புதிய மூச்சு தொடங்குகிறது. ஆகவே முதற்சீரின் முதலெழுத்து மூன்றாம் சீரில் திரும்ப வந்தால், அடியின் இரண்டு பாதிகளும் கை கோத்துக்கொள்ளுகின்றன. இதற்குப் பொழிப்பு மோனை என்று இலக்கணத்தார் பெயரிட்டார்கள். அறுசீர் விருத்தத்தில் குரல் மூன்று சீருக்குப் பின் நிற்பதால் மோனை நான்காம் சீரில் வருகிறது; எண்சீர் விருத்தத்தில் ஐந்தாம் சீரில் வருகிறது. இடம் மாறினாலும் காரணம் ஒன்றே: மூச்சு புதிதாகத் தொடங்கும் இடத்தில் மோனை நிற்கிறது. நான்கு சீரிலும் மோனை தேடி அலைய வேண்டாம், இரண்டு இடம் போதும் என்று அறிந்ததும் அப்பெண்ணின் முகத்தில் பாதிக் கவலை நீங்கிற்று.

தாளைத் திருப்பி உடனே ஓர் அடி எழுதிக் காட்டினாள்: "காலை எழுந்து குளிரில் நிற்பாள்."

செய்தி உண்மை; மோனைதான் இல்லை. 'கா'வும் 'கு'வும் ககர வரிசைதானே என்று அவள் நினைத்தாள். ஆங்கிலப் பாட்டுக்கு மெய்யொலி ஒன்றாயிருந்தால் போதும். தமிழ் மோனைக்கு மெய்யோடு உயிரும் உறவாயிருக்க வேண்டும். உயிரெழுத்துக்கள் இதில் மூன்று குடும்பங்களாகப் பிரிகின்றன. அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ இன்னொன்று. உ, ஊ, ஒ, ஓ மூன்றாவது. 'கா'வுக்கு உறவு க, கை, கௌ. 'கு'வுக்கு உறவு கூ, கொ, கோ. இரண்டும் ஒரே தெருவில் இருந்தாலும் வேறு வேறு வீட்டார்.

மெய்யிலும் சில சம்பந்தங்கள் உண்டு. சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் தம்முள் மோனையாகலாம். 'ம' சொல்லும்போது இரண்டு உதடும் சேருகின்றன; 'வ' சொல்லும்போது கீழுதடு மேற்பல்லைத் தொடுகிறது. பிறக்கும் இடம் அருகருகே இருப்பதால் செவி இவற்றை உறவாக ஏற்றுக்கொள்ளுகிறது. ஆனால் மேடையில் சொல்லும்போது ஒரே எழுத்து வருவதைப்போல் இந்த இன மோனை கணீரென்று கேட்பதில்லை. ஆகையால் எட்டு அடியில் ஓரிரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். எல்லா அடியிலும் அதையே நம்பக்கூடாது.

இந்த அளவு தெரிந்ததும் நாம் வாயை மூடிக்கொண்டோம். "அம்மா தோட்டத்தில் என்ன செய்கிறார்கள்?" என்று மட்டும் அவ்வப்போது கேட்டோம். ஏலக்காய் மரத்தில் காய்ப்பதல்ல. செடியின் தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு தரையாகப் படர்ந்து, அதில் காய் பிடிக்கிறது. எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதுமில்லை. எடுப்பவர்கள் ஈர மண்ணில் உட்கார்ந்து, தூரைத் துழாவி, முற்றியதை மாத்திரம் பறித்துப் பிஞ்சை விட்டுவிட வேண்டும். அவள் சொல்லச் சொல்ல, அவளுடைய வார்த்தைகளிலேயே மோனை ஒளிந்திருந்தது. தூர், துழாவுதல், கூடை, குளிர், ஏலம், என் தாய். இரவு எட்டு மணிக்குத் தாளில் இருந்தது இது:

விடியுமுன் எழுந்து வீதியில் நிற்பாள்
மலைமேல் ஏறும் வண்டிக் காக
சாரல் நனைத்த தரையில் அமர்ந்து
தூரின் அடியைத் துழாவும் விரலால்
பருவக் காயைப் பார்த்துப் பறித்துக்
கூடை நிறைப்பாள் குளிரைப் பொறுத்து
இருள்வரும் நேரம் இல்லம் சேர்வாள்
ஏலம் மணக்கும் என்தாய் கையே

பதின்மூன்று வயதுக்கு இது போதும் என்பது நம் அபிப்பிராயம். எட்டு அடியிலும் முதற்சீரும் மூன்றாம் சீரும் மோனையால் இணைந்திருக்கின்றன. இரண்டாம் அடியில் மகரத்துக்கு வகரம். மூன்றாம் அடியில் சகரத்துக்குத் தகரம். கடைசி அடியில் ஏகாரத்துக்கு எகரம். அது உயிர்க் குடும்பத்தின் உறவு. ஐந்தாம் அடியில் மட்டும் நான்காம் சீரும் சேர்ந்து 'பருவ, பார்த்து, பறித்து' என்று வந்துவிட்டது. இதற்கு மேற்கதுவாய் மோனை என்று பெயர். கை வேகமாக ஓடும் வேலையைச் சொல்லும் அடியில் மணி மூன்று முறை அடிப்பது பொருத்தந்தான், ஆகையால் விட்டுவிட்டோம். யாரைப்பற்றிய பாட்டு என்பது கடைசி அடிவரை தெரியாமலிருப்பது அவளுடைய சாமர்த்தியம். நமக்கு அதில் பங்கில்லை.

ஒரே ஓர் இடத்தில் வாதம் நடந்தது. ஐந்தாம் அடியில் அவள் முதலில் 'பச்சைக் காயை' என்று எழுதியிருந்தாள். மோனை கெடவில்லை, அசையும் சீரும் கெடவில்லை. "பச்சைக் காய் என்றால் பிஞ்சும் பச்சைதானே?" என்றோம். சற்று யோசித்து, "பிஞ்சைப் பறித்தால் அம்மாவைத் திட்டுவார்கள்" என்று சொல்லித் தானே 'பருவக் காயை' என்று திருத்தினாள். மோனைச் சொல்லுக்கு இதுவே பரீட்சை. அந்தத் தொழிலைச் செய்பவர் கேட்டால் தலையை அசைப்பாரா, சிரிப்பாரா என்று பார்க்க வேண்டும். சிரிப்பார் என்றால் எழுத்து ஒத்திருந்தும் சொல் ஒவ்வாது.

மறுநாள் போட்டி. ஆறாம் அடியில் "கூடை நிறைப்பாள்" என்று சொன்னவள் நின்றுவிட்டாள். மண்டபத்தில் நிசப்தம். தமிழாசிரியை நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். பெண்ணின் உதடுகள் 'கூ' சொன்ன வடிவத்திலேயே குவிந்திருந்தன. இரண்டு விநாடி சென்றிருக்கும். அந்தக் குவிந்த உதட்டிலிருந்தே "குளிரைப் பொறுத்து" என்று வந்தது! பாட்டு மேலே ஓடிற்று. ஏட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் நினைவிலிருந்தே பாட்டுச் சொன்ன காலத்தில், தமிழர் மோனையை எதற்காகப் போற்றினார்கள் என்பதை அந்த இரண்டு விநாடியில் கண்டோம். முதல் பாதியின் முதலெழுத்து, மறந்துபோன மறு பாதியின் கதவைத் திறந்துவிடுகிறது. 'காலை, குளிர்' என்று எழுதியிருந்தால் அந்தக் கதவு திறந்திராது. 'கா' சொன்ன வாய் அகன்று நிற்கும், 'கு'வுக்குக் குவிய வேண்டும்.

முதற் பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை. சிம்மக் குரல் படைத்த ஒரு பையனுக்குக் கொடுத்தோம். அவன் ஓரிடத்திலும் நிற்கவில்லை, விதி விதிதானே. இரண்டாம் பரிசு அவளுக்கு. வாங்கிக்கொண்டு நம்மிடம் வந்தவளிடம், "அம்மா வந்திருக்கிறார்களா?" என்று கேட்டோம்.

"இல்லை ஐயா. வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ராத்திரி வீட்டில் சொல்லிக் காட்டுவேன்" என்றாள்.

பாட்டின் ஏழாம் அடி அன்று இரவும் உண்மையாகத்தான் இருந்திருக்கும். தாயார் தலையை அசைத்தாரா, சிரித்தாரா என்பதை அறிய நமக்கு ஆசை. நாம் கொடுத்த இரண்டாம் பரிசைக் காட்டிலும் அந்தத் தீர்ப்பே பெரியது.