உடையோடு இடுப்பும் மாறுகிறது

சுடிதாரில் நிற்கும் ஒரு பருமனான பெண்ணின் படத்தை ஏஐ செயலியில் கொடுத்துப் பட்டுப்புடவைக்கு மாற்றுகிறோம். வரும் படத்தில் இடுப்பு சிறுத்திருக்கிறது. கேட்டால், "உடை மட்டும்தான் மாறியிருக்கிறது, புடவைக் கட்டு அப்படிக் காட்டுகிறது" என்கிறார்கள். அது உண்மையில்லை.

செயலி பழைய துணியைக் கழற்றிப் புதியதைப் போர்த்துவதில்லை. மாஸ்க் போட்ட பகுதியை அழித்துவிட்டுப் புதிதாக வரைகிறது. சுடிதாரை முழுக்க மூடி, ஓரத்தில் கொஞ்சம் தாராளமாகவும் மாஸ்க் போட்டால், இடுப்பின் கோடும் சேர்ந்தே அழிந்துபோகும். பிறகு அந்த இடத்தில் எந்த உடல் இருக்க வேண்டும் என்பதை மாடல் தன் பயிற்சியிலிருந்து ஊகிக்கிறது. இத்துறையில் அதிகம் பயன்படும் 2021-ஆம் ஆண்டின் VITON-HD தரவுத்தொகுப்பில் 13,679 ஜோடிப் படங்கள் உண்டு. அவை இணைய உடைக்கடைப் படங்கள். பெரும்பாலும் ஒல்லியான மாடல் பெண்கள். ஊகம் அந்தப் பக்கமே சாய்கிறது.

"உடலை மாற்றாதே என்று எழுதினால் போதும்" என்பது அடுத்த வாதம். அழிந்துபோன கோடு எவ்வளவு அகலமாக இருந்தது என்பதை அந்தச் சொற்கள் எப்படித் தெரிவிக்கும்? "பருமனான பெண்" என்று எழுதினாலும் வருவது பொதுவான ஒரு பருமன்தான், இவருடையது அல்ல.

"போஸ் எலும்புக்கூட்டைக் கொடுத்தால் உடல் காப்பாற்றப்படும்" என்பதும் பாதிதான் சரி. அதில் இருப்பவை தோள், முழங்கை, இடுப்பு மூட்டுப் புள்ளிகள். சதையின் அகலம் இல்லை. அகலத்தைச் சொல்வது டெப்த் மேப். மூலப் படத்திலிருந்து அதை எடுத்து கன்ட்ரோல்நெட் வழியாகக் கொடுக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: தொளதொள சுடிதாராக இருந்தால் டெப்த் மேப் துணியின் பருமனைத்தான் பதிவுசெய்யும். உடலை ஒட்டிய உடையில் எடுத்த படமே வேண்டும்.

மாஸ்க்கை உடலின் வெளிக்கோட்டுக்குச் சில பிக்சல் உள்ளேயே நிறுத்துங்கள். செயலி தானாக அதை விரிக்கும் அமைப்பு இருந்தால் குறைத்துவிடுங்கள். கோட்டுக்கு வெளியே விரியும் கொசுவத்தையும் முந்தானையையும் இரண்டாம் சுற்றில், தனி மாஸ்க்கில் வரையலாம். முதல் சுற்றுக்குப் பின் ஓரத்தில் பழைய சுடிதார் நிறம் ஒரு நூலாக மிஞ்சும். அதைக் கையால் நிறம் தீட்டிச் சரிசெய்துகொள்ளலாம். அதற்காக மாஸ்க்கை விரிக்கக் கூடாது.

சரிபார்க்கக் கண்ணை நம்ப வேண்டாம். மூலத்தில் தலையின் அகலம் 120 பிக்சல், இடுப்பின் அகலம் 310 என்றால் விகிதம் 2.6. திருத்திய படத்தில் தலை அதே 120, இடுப்பு 255 என்றால் விகிதம் 2.1 ஆகிவிட்டது. புடவைத் துணி இடுப்பின் அகலத்தைக் கூட்டலாம். உடலுக்குள் போய்க் குறைக்க முடியாது. விகிதம் இப்படி இறங்கியிருந்தால் அந்தப் படத்தை வாடிக்கையாளரிடம் கொடுக்காதீர்கள், மீண்டும் செய்யுங்கள்.